காசோலை திரும்பி வந்தால் யார் பொறுப்பு?

"சேர், நான் மல்லாவியில் உயர்தரம் வணிகப் பிரிவில் படிக்கிறேன். ஒருவர் தந்த செக்கின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்குக் குடுத்த பிறகு அது திரும்பி வந்தால் யார் காசு குடுக்க வேணும்? மாற்றுண்டியலுக்கும் வாக்குறுதிச் சீட்டுக்கும் இதே விதிதானா? புத்தகத்தில் புறக்குறிப்பின் வகைகள் மட்டும்தான் இருக்கு, நடக்கிற விதம் விளங்கேல்ல."

செக்கை எழுதியவரும் பொறுப்பு, பின்னால் கையெழுத்துப் போட்டவரும் பொறுப்பு. ஆனால் இந்த இரண்டு பொறுப்புக்கும் ஆயுள் வேறு. எழுதியவருடைய பொறுப்பு இலேசில் போகாது. கையெழுத்துப் போட்டுக் கைமாற்றியவருடைய பொறுப்போ, காசோலையை வைத்திருப்பவர் ஓரிரு நாள் சும்மா இருந்தாலே போய்விடக்கூடும். இதற்கான சட்டம் 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. காசோலை என்பது வங்கி ஒன்றின் மேல் எழுதப்பட்ட, கேட்டவுடன் கொடுக்க வேண்டிய மாற்றுண்டியல் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது. அதனால் ஒரு காசோலையின் கதையை முழுதாகப் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் அதிக சிரமமில்லாமல் விளங்கும்.

கதையை நம்முடைய பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம். முத்தையன்கட்டு விவசாயி ஒருவர் காலபோக நெல்லை வவுனியா ஆலைக்காரர் ஒருவருக்கு விற்கிறார். ஆலைக்காரர் திங்கட்கிழமை விவசாயியின் பெயருக்கு 280,000 ரூபாவுக்குக் காசோலை எழுதிக் கொடுக்கிறார். "கொண்டுவருபவருக்கு" என்று அச்சிட்டிருக்கும் சொல்லை வெட்டிவிட்டதால் அது கட்டளைக் காசோலை. குறுக்குக் கோடு எதுவும் போடவில்லை. விவசாயிக்கு ஒட்டுசுட்டானில் உள்ள பசளைக் கடையில் 250,000 ரூபா கடன் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் காசோலையையே கடையில் கொடுக்கிறார்.

கடனுக்கு 250,000 போதுமே, அவ்வளவுக்கு மட்டும் கைமாற்றிவிட்டு மிச்சம் 30,000 ரூபாவுக்குக் காசோலையில் தன் உரிமையை வைத்துக்கொள்ளலாமா? முடியாது. புறக்குறிப்பு, அதாவது பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கைமாற்றுவது, முழுத் தொகைக்கும் இருக்க வேண்டும். பகுதித் தொகைக்கு எழுதினால் அது கைமாற்றமாகச் செல்லாது. ஆகவே விவசாயி முழுவதையும் மாற்றிக் கொடுக்கிறார், கடைக்காரர் 30,000 ரூபாவைக் காசாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

இப்போது காசோலையின் பின்பக்கத்தைப் பார்ப்போம். விவசாயி வெறுமனே கையெழுத்து மட்டும் போட்டால் அது வெற்றுப் புறக்குறிப்பு. அந்த நொடியிலிருந்து காசோலை கையில் வைத்திருப்பவருக்குச் செல்லுபடியாகும் ஒன்றாகிவிடும். வழியில் தொலைந்தால் எடுத்தவன் அதை விவரம் தெரியாத ஒருவரிடம் விலைக்கு மாற்றிவிடலாம். கையெழுத்துக்கு மேலே "இன்ன பசளைக் கடைக்கு அல்லது அவர் கட்டளைக்குக் கொடுக்கவும்" என்று எழுதினால் அது விசேட புறக்குறிப்பு. பிறகு அந்தக் கடையின் கையெழுத்து இல்லாமல் உரிமை வேறொருவருக்குப் போகாது. யாராவது கடையின் கையெழுத்தைக் கள்ளமாகப் போட்டு மாற்றினால், வாங்கியவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருக்கு உரிமை கிடைக்காது. பரீட்சையில் இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். திருட்டுப்போன கொண்டுவருபவர் காசோலையை நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கு உரிமை உண்டு, கள்ளக் கையெழுத்தின் வழியாக வந்த கட்டளைக் காசோலையை வாங்கியவருக்கு இல்லை. காரணம் எளிது. முதலாவதில் உரிமை மாறுவதற்குக் கையளிப்பு மட்டும் போதும். இரண்டாவதில் உரியவரின் கையெழுத்தும் வேண்டும், கள்ளக் கையெழுத்து கையெழுத்தே அல்ல.

பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்பார்கள். காசோலையில் உள்ளபடியே பிழையோடு ஒரு கையெழுத்து, விரும்பினால் அதன் கீழ் தன்னுடைய வழமையான கையெழுத்து. அவ்வளவுதான்.

சரி, விவசாயி விசேட புறக்குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தக் கையெழுத்தால் அவர் உரிமையை மாற்றியதோடு ஒரு வாக்குறுதியும் கொடுக்கிறார்: இந்தக் காசோலையை முறைப்படி சமர்ப்பித்தால் பணம் கிடைக்கும், கிடைக்காமல் போனால், மறுப்புக்குப் பிறகு செய்ய வேண்டியவற்றை நீங்கள் செய்திருந்தால், நான் ஈடுசெய்வேன். நடுவில் உள்ள அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். "செய்ய வேண்டியவற்றைச் செய்திருந்தால்." முழு விடயமும் அதில்தான் நிற்கிறது.

விவசாயி இந்தப் பொறுப்பை ஏற்க விரும்பாவிட்டால், கையெழுத்தோடு "என்மீது பொறுப்பின்றி" என்று எழுதலாம். சட்டம் அதை ஏற்கும். ஆனால் அப்படி எழுதிய காசோலையை எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டார். மறுபக்கமும் உண்டு. அது கொண்டுவருபவர் காசோலையாக இருந்து விவசாயி கையெழுத்தே போடாமல் கொடுத்திருந்தால், காசோலை திரும்பியதற்காக அந்தக் காசோலையை வைத்து அவரிடம் கேட்க முடியாது. காசோலை உண்மையானது, அதை மாற்றத் தனக்கு உரிமை உண்டு, அது மதிப்பற்றது என்று தனக்குத் தெரிந்த விடயம் எதுவும் இல்லை என்ற உத்தரவாதம் மட்டும்தான் அவருடையது. இதனால்தான் அனுபவமுள்ள கடைக்காரர்கள் கொண்டுவருபவர் காசோலையிலும் "பின்னுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கோ அண்ணை" என்கிறார்கள். உரிமை மாறுவதற்கு அந்தக் கையெழுத்துத் தேவையில்லை. ஆனால் போட்டவுடன் புறக்குறிப்பிட்டவருக்குரிய பொறுப்பு அவர் தலையில் வந்துவிடும்.

கடைக்காரர் செவ்வாய்க்கிழமையே காசோலையைத் தன் நடைமுறைக் கணக்கில் போடுகிறார். 2006 இலிருந்து இலங்கையில் காசோலைத் தாள் கொழும்புக்குப் பயணம் செய்வதில்லை. படம் எடுத்து அனுப்பித் தீர்ப்பனவு செய்யும் முறையில் மறு வேலைநாளிலேயே முடிவு தெரிந்துவிடும். புதன்கிழமை கடைக்காரருக்கு, கணக்கில் போதிய பணமில்லை என்ற காரணத்தோடு திருப்பல் அறிவித்தல் வருகிறது. காசோலை மறுக்கப்பட்டுவிட்டது.

இங்கே கடைக்காரர் முதலில் செய்ய நினைப்பது வங்கியோடு சண்டை பிடிப்பது. அதில் பயன் இல்லை. காசோலையை எழுதியதால் ஆலைக்காரரின் கணக்குப் பணம் கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடவில்லை, வங்கியும் அந்தக் காசோலையில் கையெழுத்திட்டு எதையும் ஏற்கவில்லை. பணம் இருந்தும் வங்கி தவறாகத் திருப்பினால்கூட வழக்குப் போட உரிமையுள்ளவர் வங்கியின் வாடிக்கையாளரான ஆலைக்காரர்தான்.

செய்ய வேண்டியது மறுப்பு அறிவித்தல் கொடுப்பது. காலக்கெடு இறுக்கமானது. இருவரும் ஒரே இடத்தில் இருந்தால், மறுக்கப்பட்ட மறுநாளே போய்ச் சேரும்படி அறிவிக்க வேண்டும். வெவ்வேறு இடமென்றால், மறுநாள் தபாலில் புறப்பட வேண்டும், அன்று வசதியான நேரத்தில் தபால் இல்லாவிட்டால் அடுத்த தபாலில். இடையில் வங்கி விடுமுறை வந்தால் அந்த நாளைக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. நம் கதையில் கடைக்காரருக்கு வங்கியின் தகவல் கிடைத்தது புதன்கிழமை. ஆகவே வியாழக்கிழமை அவர் விவசாயிக்கு அறிவிக்க வேண்டும். விவசாயிக்கும் அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து அதே அளவு அவகாசம் உண்டு, அதற்குள் அவர் தனக்கு முன்னால் உள்ளவருக்குத் தெரிவிக்கலாம். சங்கிலியில் பத்துப் பேர் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் இப்படித்தான்.

அறிவித்தலுக்கு ஒரு விண்ணப்பப் படிவமோ சட்டத்தரணியின் கடிதமோ தேவையில்லை. வாயால் சொன்னாலும் போதும். எந்தக் காசோலை, அது மறுக்கப்பட்டது என்ற இரண்டும் விளங்கினால் சரி. ஆனால் பின்னாளில் "எனக்கு ஒருவரும் சொல்லவில்லை" என்று வந்தால் நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். அதனால் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதே நாளில் பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்பி அதன் பற்றுச்சீட்டை வைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

நம் கடைக்காரர் இதில் எதையும் செய்யவில்லை என்று வைப்போம். "அவன் எங்கட பெடியன், பிறகு சொல்லுவம்" என்று விட்டுவிடுகிறார். ஆலைக்காரரோடு தானே பேசிப் பார்க்கிறார், அவர் இன்று நாளை என்கிறார். மூன்று கிழமை கழித்துத்தான் விவசாயியிடம் வந்து கேட்கிறார்.

அப்போது விவசாயியின் பொறுப்பு முடிந்துவிட்டது. காசோலையின் பேரில் அவரிடம் ஒரு சதமும் கேட்க முடியாது. அதைவிட, அந்தக் காசோலையைக் கடைக்காரர் பசளைக் கடனுக்காகவே எடுத்தார். தன் கவனக்குறைவால் விவசாயியை அதிலிருந்து விடுவித்தவர், பழைய கடன் இன்னும் இருக்கிறது என்று கேட்கவும் முடியாது. ஆங்கிலச் சட்டத்தின் பழைய தீர்ப்புகள் இப்படித்தான் சொல்கின்றன, நம்முடைய கட்டளைச் சட்டம் தான் சொல்லாத இடங்களில் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றச் சொல்கிறது.

கொடுமையான விதி போலத் தெரியலாம். விவசாயியின் பக்கமாக நின்று பாருங்கள். வியாழக்கிழமையே தெரிந்திருந்தால் அவர் அன்றே வவுனியாவுக்குப் போயிருப்பார். அவருடைய நெல் அப்போது ஆலை முற்றத்தில் சாக்கோடு கிடந்திருக்கலாம், பேசி அதையாவது திருப்பி ஏற்றியிருப்பார். மூன்று கிழமைக்குப் பிறகு நெல் அரிசியாகிக் கொழும்புக்குப் போய்விட்டது, ஆலைக்காரருக்கு வேறு பத்துக் கடன்காரர். நேரம் கடந்தால் நட்டம் யாருக்கு என்பதை மனதில் வைத்தே சட்டம் இந்த இறுக்கத்தை வைத்திருக்கிறது. நான் படிப்பிக்கும்போது காலக்கெடுவை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை, இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

காசோலையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான். வங்கிகள் ஆறு மாதம் வரை காசோலையை ஏற்கும் என்பதால் ஆறு மாதமும் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது வங்கியின் வழக்கம். புறக்குறிப்பிட்டவரைப் பொறுப்பில் வைத்திருக்க, புறக்குறிப்பிட்டதிலிருந்து நியாயமான காலத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும். இரண்டு மாதம் வைத்திருந்து போட்டால் விவசாயி விடுபட்டுவிடுவார் என்றே எதிர்பார்க்கலாம்.

ஆலைக்காரர்? அவர் இந்தக் கவனக்குறைவால் தப்பமாட்டார். கணக்கில் பணமில்லாமல் எழுதியவருக்கும், கொடுப்பனவை நிறுத்தச் சொன்னவருக்கும் மறுப்பு அறிவித்தல் தேவையே இல்லை. பணம் கிடைக்காது என்று அவருக்கே தெரியும், அதை இன்னொருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமர்ப்பிக்கத் தாமதித்தாலும், அந்தத் தாமதத்தால் அவருக்கு உண்மையில் நட்டம் வந்த அளவுக்கு மட்டும்தான் அவர் விடுபடுவார். இடையில் வங்கி முறிந்து அவருடைய வைப்பு அழிந்தது போன்ற நிலைமை அது, சாதாரணமாக நடப்பதில்லை.

ஆகவே கடைக்காரர் ஆலைக்காரருக்கு எதிராகப் போகலாம். குடியியல் நடவடிக்கைக் கோவையின் 53 ஆம் அத்தியாயம் காசோலை, மாற்றுண்டியல், வாக்குறுதிச் சீட்டு ஆகியவற்றுக்கென்றே ஒரு சுருக்க வழியை வைத்திருக்கிறது. அதில் எதிராளி நினைத்தபடி வந்து வழக்காட முடியாது, எதிர்வாதம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். வழக்குப் போட ஆறு வருட அவகாசம் உண்டு. பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் குற்றமும்கூட. ஆனால் குற்ற வழக்கில் "தெரிந்துகொண்டே" என்பதை நிரூபிக்க வேண்டும், குடியியல் வழக்கில் அது வேண்டியதில்லை.

இப்போது கதையில் ஒரு விடயத்தை மட்டும் மாற்றுவோம். ஆலைக்காரரின் கணக்கில் பணம் இருக்கிறது. ஆனால் சாக்கை அவிழ்த்துப் பார்த்தால் நெல் ஈரம், பதரும் கூட. கோபத்தில் வங்கிக்கு அறிவித்துக் கொடுப்பனவை நிறுத்திவிட்டார். விவசாயி நேரடியாக அவர்மேல் வழக்குப் போட்டால், "நெல் சரியில்லை" என்ற வாதத்தை நீதிமன்றம் கேட்கும். கடைக்காரர் வழக்குப் போட்டால் கேட்காது. அவர் முழுமையான, ஒழுங்கான காசோலையை, காலம் கடக்க முன்னர், குறை எதுவும் தெரியாமல், நல்லெண்ணத்தோடு பெறுமதி கொடுத்து எடுத்தவர். பழைய கடனைத் தீர்ப்பதும் பெறுமதிதான். நெல் சண்டை ஆலைக்காரருக்கும் விவசாயிக்கும் இடையில் உள்ளது, அதை அவர்கள் வேறாகத் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஆலைக்காரர் முன்னமே இரண்டு கோடு கீறி "கைமாற்றத்தகாதது" என்று எழுதியிருந்தால் நிலைமை தலைகீழ். அந்தச் சொல் இருந்தாலும் காசோலையை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கொடுப்பவருக்கு இருந்ததைவிடச் சிறந்த உரிமை வாங்குபவருக்குக் கிடைக்காது என்பதுதான் அதன் பலன். கடைக்காரர் விவசாயியின் இடத்தில் நிற்பார், ஈர நெல் வாதம் அவரையும் பிடிக்கும். "பெறுநர் கணக்குக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் கடையின் வங்கி அதை நடைமுறையில் வாங்கவே வாங்காது, விவசாயி தன் கணக்கில்தான் போட வேண்டும்.

மாற்றுண்டியலுக்கு வருவோம். வவுனியா மொத்த வியாபாரி முல்லைத்தீவுக் கடைக்காரர் மேல் 60 நாள் உண்டியல் எழுதுகிறார், அதாவது 60 நாளில் இவ்வளவு பணம் கொடுக்கும்படி எழுத்தில் கட்டளையிடுகிறார், கடைக்காரர் அதன் முகப்பில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொள்கிறார், வியாபாரி அதை வங்கியில் கழிவு செய்து காசு எடுக்கிறார். இங்கே முதற் பொறுப்பு ஏற்றவருடையது. காசோலையில் இல்லாத பாத்திரம் இது, ஏனென்றால் காசோலையை வங்கி ஏற்பதில்லை. தவணை நாளிலேயே சமர்ப்பிக்க வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் எழுதியவரும் புறக்குறிப்பிட்டவர்களும் பொதுவாக விடுபடுவார்கள். ஏற்றவர் விடுபடமாட்டார், அவருக்கு மறுப்பு அறிவித்தலும் தேவையில்லை. எழுதிய வியாபாரிக்கோ அறிவித்தல் கட்டாயம், ஏனென்றால் கடைக்காரர் காசு கட்டினாரா என்பது அவருக்குத் தானாகத் தெரியாது. இன்னொன்று, கடைக்காரர் உண்டியலை ஏற்கவே மறுத்தால் அதுவும் மறுப்புத்தான். தவணை நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது, அறிவித்தல் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிடும். உள்நாட்டு உண்டியலுக்கு நொத்தாரிசின் மறுப்புப் பதிவு கட்டாயமில்லை, வெளிநாட்டு உண்டியலுக்குத்தான் அது வேண்டும்.

வாக்குறுதிச் சீட்டில், அதாவது நம் ஊர்ப் புறோநோட்டில், இரண்டே பேர். எழுதியவர், பெறுநர். எழுதியவர் நிற்கும் இடம் ஏற்றவருடைய இடம், அவருக்கு அறிவித்தல் வேண்டாம். பெறுநர் புறக்குறிப்பிட்டு மாற்றினால் அவருக்கு வேண்டும். கேட்டவுடன் கொடுக்க வேண்டிய சீட்டென்றால், புறக்குறிப்பிட்டதிலிருந்து நியாயமான காலத்துக்குள் அதைச் சமர்ப்பிக்கவும் வேண்டும். காசோலைக் கதையில் விவசாயி நின்ற இடமேதான் அது.

புறோநோட்டில் ஊரில் அடிக்கடி நடக்கிற கோளாறு வேறு. 100,000 ரூபாவுக்குச் சீட்டு எழுதி வாங்கிவிட்டு, முதல் மாத வட்டியைக் கழித்து 95,000 ரூபாவைக் கையில் கொடுப்பார்கள். வட்டி வீதம் எழுதும் இடம் வெறுமையாக இருக்கும். 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி, கடனுக்கு ஈடாக வாங்கும் சீட்டின் முகத்தில் உண்மையில் கடனாகக் கொடுத்த தொகை, முன்கூட்டிக் கழித்த வட்டி, ஆண்டுக்கு எத்தனை வீதம் என்ற மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். அவை இல்லாத சீட்டைக் கொண்டு கடன் கொடுத்தவர் பொதுவாக வழக்கில் போய் நிற்க முடியாது. உங்கள் வீட்டில் யாராவது புறோநோட்டில் கையெழுத்திடப் போனால் முதலில் அந்த மூன்று இடங்களையும் பாருங்கள்.